வகுப்புக் குறிப்பின் சுருக்கத்தைத் திருத்துவது எப்படி: ஒரு பஞ்சப் பாடத்தை வைத்து முழுமையான வழிகாட்டி

இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி, தன் வகுப்புக் குறிப்பைச் சுருக்கி எழுதி என்னிடம் திருத்தக் கொண்டுவந்தாள். பாடம் 1876-78 சென்னை மாகாணப் பஞ்சம். ஐம்பது நிமிட வகுப்பு எட்டு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. எழுத்துப்பிழை இல்லை, கையெழுத்தும் அழகு. ஆனால் படித்து முடித்தபோது அந்த வகுப்பு என்ன சொன்னது என்பது எனக்குப் பிடிபடவில்லை. அந்த எட்டு வாக்கியத்தை வைத்தே திருத்தும் முறையை முழுவதும் சொல்கிறேன்.

சுருக்கத்தில் மூன்று குறைகளைத் தேடுகிறோம்: விட்டுப்போன கருத்து, அப்படியே எடுத்த வாசகம், குழம்பிய வரிசை. இவற்றைத் தனித்தனி நோய்களாக நினைத்து மூன்று நிற மையில் குறிப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் இவை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கூடி நிற்கின்றன. ஒரு காரணம் மாணவருக்குப் புரியவில்லை என்றால் அந்த இடத்தில் ஆசிரியரின் வாசகம் வந்து உட்காரும், பக்கத்தில் ஒரு கருத்து காணாமல் போகும், அடுத்த வாக்கியம் எங்கே வைப்பதென்று தெரியாமல் இடம் மாறும். அந்த ஒரு இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் திருத்துபவரின் முக்கிய வேலை.

சுருக்கத்தைத் திறக்கும் முன்

மாணவரின் சுருக்கத்தை முதலில் படிக்காதீர்கள். படித்துவிட்டால் அதில் இருப்பவைதான் முக்கியம் என்று மனம் பழகிவிடும். இல்லாதது கண்ணில் படவே படாது.

முதலில் வகுப்பு எதைச் சொன்னது என்று நீங்களே ஒரு எலும்புக்கூடு எழுதுங்கள். வகுப்பை நீங்களே எடுத்திருந்தால் பத்து நிமிடம் போதும். வேறொருவர் எடுத்தது என்றால் அவர் கொடுத்த ஜெராக்ஸ் தாள், ஸ்லைடு, ஒலிப்பதிவு எதையாவது கேட்டு வாங்குங்கள். எதுவும் இல்லையா? அதே வகுப்பில் இருந்த வேறு இரண்டு பேரின் நோட்டை வாங்கி, இரண்டிலும் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவியின் சுருக்கத்தை அவள் நோட்டோடு மட்டும் ஒப்பிட்டால், நோட்டிலேயே விட்டுப்போனது உங்களுக்கும் தெரியாமல் போகும்.

எது முக்கியக் கருத்து, எது உதாரணம் என்று எப்படிப் பிரிப்பது? ஆசிரியர் தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தேவைப்படுவது எல்லாம் முக்கியக் கருத்து. என் சக ஆசிரியர் அந்த வகுப்பை இப்படித் தொடங்கியிருந்தார்: மழை பொய்த்தது உண்மை, ஆனால் இத்தனை லட்சம் பேர் சாவதற்கு மழை மட்டுமே காரணமா? இந்தக் கேள்வியை வைத்து, அவர் தாளைப் பார்த்து நான் எழுதிய எலும்புக்கூடு இது:

1. 1876இல் பருவமழை பொய்த்தது, விளைச்சல் போனது.
2. தானியம் அடியோடு இல்லாமல் போகவில்லை. விலை ஏறியது, ஏற்றுமதியும் தொடர்ந்தது. வேலை இழந்த கூலிக்காரர்களிடம் வாங்கப் பணம் இல்லை.
3. வைஸ்ராய் லிட்டனின் அரசு தானிய வியாபாரத்தில் தலையிட விரும்பவில்லை, நிவாரணச் செலவையும் குறைக்கப் பார்த்தது.
4. அதற்காக அனுப்பப்பட்ட அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். இதுதான் டெம்பிள் கூலி.
5. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், கடும் உடலுழைப்பு செய்பவருக்கு இது போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும் என்றார். மார்ச்சில் மாகாண அரசு ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்புமாக உயர்த்தியது.
6. பசியால் செத்தவர்களோடு, 1878இல் பரவிய மலேரியாவால் செத்தவர்களும் ஏராளம். நலிந்த உடல் நோயைத் தாங்கவில்லை.
7. ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச ஆணையம் அமைந்து 1880இல் அறிக்கை தந்தது. பஞ்ச காலத்தில் அரசு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பஞ்ச விதித்தொகுப்பு அதிலிருந்து பிறந்தது.
8. 1873-74 பீகார் பஞ்சத்தில் இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துப் பலரைக் காப்பாற்றினார். அதிகம் செலவழித்தார் என்று கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். அதனால்தான் சென்னையில் கையை இறுக்கினார்.

எட்டாவதைக் கவனியுங்கள். கால வரிசையில் அது முதலில் நிற்க வேண்டியது. ஆனால் வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு மாணவர் “டெம்பிள் ஏன் சார் அப்படிச் செய்தார்?” என்று கேட்டதால்தான் அந்தப் பேச்சே வந்தது. ஆசிரியர் சொல்லும் வரிசையும் விஷயத்தின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நோட்டில் நேரப்படி எழுதுகிறோம், சுருக்கத்தில் காரணப்படி எழுத வேண்டும். வரிசைக் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில் பிறக்கிறது.

மாணவியின் சுருக்கம்

இப்போது சுருக்கத்தைத் திறக்கலாம். வாக்கியங்களுக்கு அ, ஆ என்று அடையாளம் போட்டுத் தருகிறேன்.

(அ) 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. (ஆ) பருவமழை பொய்த்ததே இதற்குக் காரணம். (இ) லட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் இறந்தனர். (ஈ) 1880இல் ஸ்ட்ரேச்சி குழு அறிக்கை தந்து பஞ்ச விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. (உ) பஞ்ச காலத்தில் ஆட்சியாளர்கள் தானிய வணிகத்தில் தலையிடாமை என்னும் கோட்பாட்டைத் தளர்வின்றிக் கடைப்பிடித்தனர். (ஊ) மேலும் டெம்பிள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவுமாகக் குறைத்தார். (எ) டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். (ஏ) மேலும் டெம்பிள் 1874இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்குமதி செய்து மக்களைக் காப்பாற்றினார்.

முதல் முறை பேனா இல்லாமல் படியுங்கள். படித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, இது என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். எனக்கு வந்தது இது: “மழை இல்லாததால் பஞ்சம் வந்து மக்கள் இறந்தார்கள், டெம்பிள் என்று ஒருவர் இருந்தார்.” வகுப்பு கேட்ட கேள்விக்கு ‘ஆம், மழை மட்டுமே காரணம்’ என்று சுருக்கம் விடை சொல்கிறது. வகுப்போ அதற்கு நேர் எதிராகச் சொன்னது. எந்தத் தனி வாக்கியமும் பெரிய தப்பில்லாமல், மொத்தம் மட்டும் தலைகீழாக இருக்க முடியும். வரி வரியாகத் திருத்தத் தொடங்கியிருந்தால் இதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

விட்டுப்போனதைத் தேடுவது

ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எலும்புக்கூட்டின் எந்த எண்ணுக்கு உரியது என்று பென்சிலால் எழுதுங்கள். இந்தச் சுருக்கத்துக்கு ஓரத்தில் வந்த எண்கள்: 1, 1, 6, 7, 3, 4, 5, 8.

உடனே தெரிவது, 2 இல்லை. தானியம் இருந்தும் வாங்க முடியவில்லை என்பதுதான் அந்த வகுப்பின் நடுத்தூண். அது போனதால்தான் (ஆ)வில் ‘பொய்த்ததே’ என்று ஏகாரம் ஏறியிருக்கிறது. தமிழில் சுருக்கம் திருத்துபவர்கள் இந்த ஏகாரத்தை எப்போதும் நிறுத்தி விசாரிக்க வேண்டும். ‘காரணம்’ என்பது ‘இதுவே காரணம்’ என்றாகிவிட்டால் மற்ற காரணங்களுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது.

எண் இருப்பதாலேயே கருத்து முழுதாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. கார்னிஷ் எதிர்த்தார் என்று (எ) சொல்கிறது. ஏன் எதிர்த்தார், எவ்வளவு கேட்டார், எதிர்த்ததால் என்ன ஆனது என்பது எதுவும் இல்லை. 8-உம் பாதிதான். காப்பாற்றினார் என்பது இருக்கிறது, கண்டிக்கப்பட்டார் என்பது இல்லை. பாதிக் கருத்து முழுதாக விட்டுப்போனதைவிட மோசமானது. படிப்பவருக்கு அது முடிந்த விஷயம் போலத் தோன்றும். அதனால் ஓரத்தில் அரை என்று குறியுங்கள்: 5½, 8½ என்றே எழுதுவது என் வழக்கம்.

விட்டதெல்லாம் குற்றமில்லை, சுருக்கம் என்றாலே விடுவதுதான். அன்று வகுப்பில் தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் இதைச் சொல்வதைப் பற்றியும், நிவாரண வேலையாக பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியதைப் பற்றியும் பேச்சு வந்தது. அவள் இரண்டையும் விட்டிருந்தாள். சரியாகத்தான் விட்டாள். ஒரு கருத்தை எடுத்துவிட்டால் இன்னொரு கருத்து காலில்லாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கால்வாயை எடுத்தால் எதுவும் விழவில்லை. இரண்டாவது கருத்தை எடுத்தாலோ, அரசு வியாபாரத்தில் தலையிடாதது ஏன் பெரிய விஷயம் என்றே புரியாது. தானியமே இல்லாத ஊரில் தலையிட்டு என்ன ஆகப்போகிறது?

வரிசை

அடுத்தது வரிசை. வாசகத் திருத்தத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இடம் மாறப்போகும் வாக்கியத்தை இப்போதே மெருகேற்றினால் அந்த வேலை வீண்.

ஓரத்து எண்களை மறுபடி பாருங்கள்: 1, 6, 7, 3, 4, 5, 8. மக்கள் இறந்து, ஆணையம் அறிக்கையும் கொடுத்த பிறகு கூலி குறைகிறது. இது ஏன் நடந்தது என்று அவளிடம் கேட்டேன். “முதல்ல மொத்தக் கதையையும் சொல்லிட்டு, அப்புறம் விவரம் சொல்லலாம்னு நெனச்சேன் சார்” என்றாள். நல்ல எண்ணம்தான். ஆனால் கூலியும் தலையிடாமையும் விவரம் அல்ல, சாவுக்கான காரணம். காரணம் விளைவுக்குப் பின்னால் வந்து ‘மேலும்’ என்று தொற்றிக்கொண்டு நிற்கிறது.

வரிசைக் குழப்பத்தைப் பிடிக்க எனக்கு மிகவும் உதவும் சொல் இந்த ‘மேலும்’தான். சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு ‘மேலும்’, ‘மற்றும்’, ‘அதுமட்டுமின்றி’யையும் வட்டமிடுங்கள். அந்த இடத்தில் ‘அதனால்’, ‘ஆனால்’, ‘ஏனென்றால்’, ‘அதற்கு முன்பே’ ஆகியவற்றில் எது பொருந்தும் என்று பாருங்கள். ஒன்று பொருந்தினால் அங்கே இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. எதுவும் பொருந்தாவிட்டால் வாக்கியம் தவறான இடத்தில் இருக்கிறது. (ஊ)வின் ‘மேலும்’ இருந்த இடத்தில் ‘அதனால்’ ஓரளவு பொருந்தியது: செலவைக் குறைக்க வேண்டும் என்ற அரசு, அதனால் கூலிக் குறைப்பு. (ஏ)வின் ‘மேலும்’ இடத்தில் எதுவுமே பொருந்தவில்லை. கார்னிஷ் எதிர்த்தார், அதனால் டெம்பிள் பீகாரில் காப்பாற்றினாரா? இல்லை. அந்த வாக்கியம் 3-க்கும் 4-க்கும் இடையில் போய் உட்கார வேண்டும்.

ஆண்டுகளை மட்டும் தனியாக வரிசையாக எழுதிப் பார்ப்பதும் நல்லது. 1876, 1880, 1874 என்று வந்தால் கடைசியில் ஏதோ இடறியிருக்கிறது. இப்படிப் பார்க்கும்போதுதான் (ஈ)யில் இன்னொரு தவறும் பட்டது. அறிக்கை வந்தது 1880. விதித்தொகுப்பு வெளிவந்தது 1883. இரண்டு நிகழ்ச்சியை ஒரே ‘தந்து’ என்ற வினையெச்சத்தில் கட்டியதால் இடையிலிருந்த மூன்று ஆண்டு மறைந்துவிட்டது. தமிழ் வாக்கியத்தில் ‘செய்து, செய்து’ என்று கோத்துக்கொண்டே போவது எளிது. அந்தக் கோவையில் காலமும் காரணமும் கரைந்துபோகும்.

எல்லாச் சுருக்கமும் கால வரிசையில்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடிவை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் போவதும் நல்ல வரிசையே. மாணவர் ஒரு வரிசையைத் தெரிந்து தேர்ந்தெடுத்தாரா என்பதுதான் கேள்வி. நீங்கள் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள் என்பதற்காக மாற்றச் சொல்லாதீர்கள்.

அப்படியே எடுத்த வாசகம்

(உ)வைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. மற்ற வாக்கியங்கள் எல்லாம் சின்னவை, ‘ஏற்பட்டது’, ‘இறந்தனர்’ என்று முடிபவை. இது மட்டும் திடீரென்று நீண்டு, ‘தலையிடாமை என்னும் கோட்பாட்டை’ என்று நடை மாறுகிறது. இப்படி நடை மாறும் இடம் முதல் அடையாளம். ஜெராக்ஸ் தாளில் தேடினேன்: “ஆட்சியாளர்கள் தானிய வணிகத்தில் தலையிடாமை என்னும் கோட்பாட்டை இறுகப் பற்றி நின்றனர்.” முன்னால் ‘பஞ்ச காலத்தில்’ என்று சேர்த்ததைத் தவிர, அவள் மாற்றியது கடைசி மூன்று சொற்களை மட்டும்தான்.

சொல்லை மாற்றி வாக்கியத்தின் கட்டை வைத்துக்கொள்வதும் நகல்தான். துணியை மாற்றாமல் ஒட்டுப்போடுவது போல. தமிழில் இது சில வழக்கமான வேடங்களில் வரும். செய்வினை செயப்பாட்டு வினையாகும்: ‘குறைத்தார்’ என்பது ‘குறைக்கப்பட்டது’ ஆகும். வடசொல்லுக்குத் தமிழ்ச்சொல் வரும். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தால் அதை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கி வைப்பார்கள். இந்தக் கடைசி வகையைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் ஒரு சொல்கூட ஒத்துப்போகாது. ஆனால் வாக்கியம் தமிழாக ஓடாது. ‘எதன் மூலம் எது வெளிப்படுத்தப்பட்டது’ என்கிற மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்போது ஸ்லைடை எடுத்துப் பாருங்கள்.

எது நகல் அல்ல என்பதும் தெரிய வேண்டும். பெயர், ஆண்டு, அளவு, ‘டெம்பிள் கூலி’ போன்ற கலைச்சொல் இவற்றை மாற்றவே கூடாது. நகல் என்று பயமுறுத்தினால் மாணவர்கள் கலைச்சொல்லையும் மாற்றி எழுதிப் பொருளைக் கெடுத்துவிடுவார்கள். ஆசிரியரின் ஒரு சொற்றொடர் உண்மையிலேயே வேண்டுமென்றால் மேற்கோள்குறிக்குள் அவர் பெயரோடு இருக்கலாம். ஒரு சுருக்கத்துக்கு அப்படி ஒன்று போதும்.

நகலைக் கண்டதும் உடனே திட்டாதீர்கள். தாளை மூடிவிட்டு, அந்த வாக்கியத்தை வாயால் சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்டேன்: “தலையிடாமைன்னா என்னம்மா? யார் எதுல தலையிடல?” கொஞ்ச நேரம் யோசித்தாள். “பஞ்சத்துல கவர்ன்மென்ட் எதுவும் செய்யலன்னு அர்த்தம் சார்” என்றாள். ஆனால் அரசு நிவாரண வேலை நடத்தியதே, கூலி கொடுத்ததே! தலையிடாதது தானிய விலையிலும் ஏற்றுமதியிலும். இந்த வித்தியாசம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததால் ஆசிரியரின் வாசகத்தைக் கடன் வாங்கினாள். அதே காரணத்தால்தான் அதற்கு முன் நிற்க வேண்டிய 2-ஐ விட்டாள், பின் நிற்க வேண்டிய பீகாரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் வைத்தாள். தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு இடம் இதுதான்.

திருத்தத்தை எழுதித் தருவது

இத்தனையும் கண்டுபிடித்த பிறகு தாள் முழுக்கச் சிவப்பாக்க வேண்டாம். நான் மூன்றே மூன்று குறிப்பு எழுதினேன், மூன்றையும் கேள்வியாகவே எழுதினேன்.

(ஆ)வின் பக்கத்தில்: கடையில் தானியம் இருந்ததா? இருந்தால் மக்கள் ஏன் வாங்கவில்லை?

(உ)வின் பக்கத்தில்: அரசு எதில் தலையிட்டது, எதில் தலையிடவில்லை? உன் வார்த்தையில் சொல்.

(ஏ)வின் பக்கத்தில்: பீகாரில் காப்பாற்றியவர் சென்னையில் ஏன் கூலியைக் குறைத்தார்? விடை கிடைத்தால் இந்த வாக்கியம் எங்கே போகும்?

1880, 1883 என்ற ஆண்டுப் பிழையை மட்டும் நேரடியாகத் திருத்தினேன். தகவல் பிழையைக் கேள்வியாகக் கேட்டு மாணவரை அலைய விடுவதில் பயனில்லை. வாக்கியங்களை நானே மாற்றி எழுதித் தரவும் இல்லை. எழுதித் தந்தால் அடுத்த முறை என் வாசகம்தான் நகலாக வரும்.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “ஒரு பவுண்டுன்னா எவ்வளவு சார்?” என்று கேட்டாள். ஏறக்குறைய 450 கிராம் என்றேன். கார்னிஷ் கேட்டது 680 கிராம், மார்ச்சில் கிடைத்தது 570. கல் உடைத்து, மண் சுமப்பவருக்கு ஒரு நாளைக்கு இது என்றதும் அவள் முகம் மாறியது. (எ)வில் விட்டுப்போன பாதி அந்தக் கேள்வியிலேயே நிரம்பிவிட்டது.

இரண்டாவது படிவத்தை நோட்டையும் தாளையும் மூடி வைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். பெயரும் எண்ணும் நினைவில்லாத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போகலாம், முடித்த பிறகு நோட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். நகல் வராமல் இருக்க நான் பார்த்ததில் இதைவிட எளிய வழி இல்லை. மறுநாள் அவள் கொண்டுவந்ததன் நடுப்பகுதி இது:

“மழை பொய்த்தாலும் தானியம் அடியோடு தீரவில்லை. விலை ஏறியது, வேலை போனவர்களிடம் காசு இல்லை. அரசு நிவாரண வேலை கொடுத்தது, ஆனால் விலையையும் ஏற்றுமதியையும் வியாபாரிகளிடமே விட்டுவிட்டது. டெம்பிள் இதற்கு முன் பீகாரில் அரிசி வரவழைத்து மக்களைக் காப்பாற்றியவர். அதற்காக அதிகச் செலவு என்று திட்டு வாங்கியதால் இங்கே கூலியை ஒரு பவுண்டு தானியமாகக் குறைத்தார். உழைப்பவருக்கு இது போதாது, ஒன்றரைப் பவுண்டு வேண்டும் என்று கார்னிஷ் வாதாடினார். அரசு ஒன்றேகால் பவுண்டாக உயர்த்தியது.”

மறுபடி ஓரத்தில் எண் போட்டேன்: 1, 2, 3, 8, 4, 5. ‘மேலும்’ ஒன்றுகூட இல்லை. இன்னும் குறை உண்டு. ஒரு அணா விட்டுப்போயிருந்தது. உயர்த்திய அரசு எது என்பதும் தெளிவில்லை. கூலியைக் குறைக்க டெம்பிளை அனுப்பியது லிட்டனின் அரசு, உயர்த்தியது சென்னை மாகாண அரசு. இரண்டையும் ‘அரசு’ என்றே எழுதினால் ஒரே கை குறைத்துவிட்டு அதே கை கூட்டியது போல் ஆகிவிடும். அந்தச் சொல்லின் கீழ் மட்டும் ஒரு கோடு போட்டு, “எந்த அரசு?” என்று எழுதிக் கொடுத்தேன்.